ஒன்பது வரிக்குள் ஓர் இயக்குநர்

(உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் முதன்மைச் செயல் அலுவலர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஆண்டறிக்கை தயாரிப்பு என்றால் வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு, தணிக்கையாளர் அறிக்கை என்றுதான் பேசுவோம். இன்று நான் அதிலுள்ள இரண்டு பக்கங்களைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். இயக்குநர்களின் படமும் அவர்களைப் பற்றிய சிறு குறிப்பும் வரும் பக்கங்கள் அவை. உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். கடன் கொடுக்கும் அதிகாரியும் அங்கே கட்டாயம் ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் பக்கங்கள் பல அறிக்கைகளில் எப்படி இருக்கின்றன? ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வாரியத்தில் இருப்பார். அவருக்கு அரைப் பக்கம் போயிருக்கும். படித்த பட்டம், பார்த்த வேலை, வாங்கிய விருது, கலந்துகொண்ட கருத்தரங்கம் எல்லாம் அதில் இருக்கும். அவருக்குப் பக்கத்திலேயே உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஒரு பெண் இயக்குநர் இருப்பார். அவருக்கு இரண்டே வாக்கியம்: "இவர் நமது பகுதியைச் சேர்ந்த விவசாயி. நிறுவனத்தின் வளர்ச்சியில் ஆர்வம் கொண்டவர்." இந்த இரண்டு வாக்கியத்தை யார் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்திவிடும். அவரைப் பற்றி அது எதையுமே சொல்லவில்லை.

இது உங்கள் நிறுவனத்தின் அமைப்பையே தலைகீழாகக் காட்டுகிறது. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கான விதிகள் கம்பெனிகள் சட்டம் 2013இல் தனி அத்தியாயமாக இருக்கின்றன. வாரியத்தில் குறைந்தது ஐந்து பேர், அதிகபட்சம் பதினைந்து பேர். நிபுணர் இயக்குநர்களை வாரியமே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆக, உங்கள் வாரியம் அடிப்படையில் உற்பத்தியாளர்களின் வாரியம். அறிக்கையைப் படிப்பவருக்கோ அது இரண்டு நிபுணர்களும் அவர்களோடு உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் என்றுதான் தெரிகிறது. நான் சம நீளத்தை வற்புறுத்துவது பக்க அழகுக்காக அல்ல. யார் இந்த நிறுவனத்தை நடத்துகிறார்கள் என்பதைப் பக்கம் சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வு எழுதும்போது வருவதில்லை. அதற்கும் முன்னால், கேட்கும்போதே வந்துவிடுகிறது. "எல்லா இயக்குநர்களும் வெள்ளிக்கிழமைக்குள் பயோடேட்டா அனுப்பவும்" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி போடுகிறோம். பயோடேட்டா வைத்திருப்பவர் அனுப்புகிறார். வேலைக்கு விண்ணப்பித்தே பழக்கமில்லாதவரிடம் அப்படி ஒரு தாளே இருக்காது. அவர் பேசாமல் இருந்துவிடுவார், இல்லாவிட்டால் மகனை விட்டு இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்வார். அச்சுக்குப் போகும் நாளில் அலுவலகத்தில் இருப்பவர் அந்த இரண்டு வரியோடு "ஆர்வம் கொண்டவர்", "முன்னோடி விவசாயி" என்று சேர்த்து இடத்தை நிரப்புகிறார்.

அதனால் யாரிடமும் பயோடேட்டா கேட்காதீர்கள். ஒருவரை உட்காரவைத்து, எல்லா இயக்குநர்களிடமும் அதே ஐந்து கேள்விகளை நேரிலோ தொலைபேசியிலோ கேட்கச் சொல்லுங்கள். அதிகாரியிடமும் அதே ஐந்துதான், தலைவரிடமும் அதே ஐந்துதான். வாரியத்துக்கு எப்படி, எந்த ஆண்டில் வந்தீர்கள்? இப்போது என்ன தொழில், எவ்வளவு நிலம், என்ன பயிர்; வேலையில் இருந்தவர் என்றால் என்ன வேலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? இந்த நிறுவனத்துக்கு வெளியே, கணக்கோ கூட்டமோ ஆட்களோ உங்கள் பொறுப்பில் இருந்த வேலை எது? வாரியத்தில் நீங்கள் சொல்லி நடந்த காரியம் ஒன்று சொல்லுங்கள். வேறு எந்த நிறுவனத்தில், கடையில், சங்கத்தில் உங்களுக்குப் பொறுப்போ பங்கோ இருக்கிறது, வாரியத்தில் உறவினர் யாரும் உண்டா?

மூன்றாவது கேள்வியும் நான்காவது கேள்வியும்தான் பொன்னான கேள்விகள். "உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டால் ஒரு விவசாயி, "என்னங்க அனுபவம், காடுதான்" என்று முடித்துவிடுவார். "யாருடைய பணக் கணக்கையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மகளிர் குழுவுக்குப் பத்து வருடம் கணக்கு எழுதியது, பால் சங்கத்தில் செயலாளராக இருந்தது, கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டியது என்று வரிசையாக வெளியே வரும். ஒரு நிறுவனத்தின் இயக்குநருக்கு இவையெல்லாம் நேரடியான தகுதிகள். நாம் கேட்காததால் அவை அறிக்கையில் இல்லை.

பெண் இயக்குநர்கள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொலைபேசியை எடுப்பது பெரும்பாலும் கணவராகவோ மகனாகவோ இருக்கிறது. "நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவர்களிடமிருந்து எழுதி எடுக்காதீர்கள். கூட்டத்துக்கு வரும் நாளில் அந்த அம்மாவிடமே தனியாக உட்கார்ந்து கேளுங்கள். குறிப்பில் "இன்னாரின் மனைவி" என்று போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆண் இயக்குநர் எவரையும் "இன்னாரின் கணவர்" என்று நாம் எழுதுவதில்லை. கணவரும் வாரியத்தில் இருந்தால் அது உறவு பற்றிய தகவல்; கடைசி வாக்கியத்தில், இருவர் குறிப்பிலும், ஒரே மாதிரி வர வேண்டும்.

இனி நீளம். ஆங்கில அறிக்கைகளில் இத்தனை சொல் என்று ஒரு வரம்பு வைப்பார்கள். தமிழில் சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். "எழுதிவருகிறார்" என்று சேர்த்தால் ஒரு சொல், "எழுதி வருகிறார்" என்று பிரித்தால் இரண்டு. சேர்த்து எழுதுபவர் கையில் முப்பத்தைந்து சொல்லாக இருப்பது, பிரித்து எழுதுபவர் கையில் நாற்பத்தைந்தாக இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். எழுத்து எண்ணிக்கையும் உதவாது. "கி" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; கணினி அதை "க"வுக்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரண்டாக எண்ணும். போதாததற்கு, டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் வரிகள் வேறு இடத்தில் மடங்கும்.

ஆகவே வரிதான் நமக்கு அளவு. முதலில் பக்கத்தை வடிவமைத்துவிடுங்கள். ஏ4 தாளில் இரண்டு பத்தி, ஒவ்வொரு குறிப்புக்கும் இடப்பக்கம் சிறு படம், வலப்பக்கம் பெயர், பதவி, அதன் கீழே குறிப்பு. இறுதியாக அச்சில் வரப்போகும் எழுத்துருவிலும் அளவிலும் ஒரு குறிப்பை ஓட்டிப் பாருங்கள். ஒன்பது வரி பிடிக்கிறது என்றால் அதுதான் உங்கள் அளவு. எட்டுக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது. எழுதும்போது கைக்கணக்காக நாற்பதிலிருந்து ஐம்பது சொல் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தீர்ப்பு வரியினுடையது. படங்களுக்கு ஒரே விதிதான்: எல்லாருக்கும் தோள்வரை, ஒரே பின்னணி, ஒரே நாளில் எடுத்தது.

ஒரே நீளம் மட்டும் போதாது. வாக்கியங்கள் ஒரே வரிசையிலும் வர வேண்டும். மேலே சொன்ன ஐந்து கேள்விகளின் வரிசையே குறிப்பின் வரிசை. படிக்கிறவர் முதல் குறிப்பை முடித்ததும் அடுத்ததில் எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வரிக் குறிப்பு பத்து இருந்தாலும் அலுப்புத் தட்டாமல் ஒப்பிட்டுப் படிப்பார்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிடுபவர்களின் நிறுவனம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். வாரியத்தில் பத்துப் பேர், அவர்களில் இருவர் நிபுணர்கள். முதலில் சொன்ன இரண்டு வாக்கியப் பெண் இயக்குநரிடம் ஐந்து கேள்விகளையும் கேட்டாயிற்று. பெயரும் படமும் மேலே இருக்க, குறிப்பு இப்படி வருகிறது:

"உறுப்பினர்களால் 2022 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்வான இயக்குநர். மூன்று ஏக்கரில் மஞ்சளும் ஊடுபயிராகச் சின்ன வெங்காயமும் பயிரிடுகிறார். தன் ஊரிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்கை 2014 முதல் எழுதிவருகிறார். நிறுவனத்தின் கொள்முதல் குழுவில் இருந்து, மஞ்சளை எடைபோடும் நாளிலேயே உறுப்பினருக்கு ரசீது தரும் முறையைக் கொண்டுவந்தார். வேறு நிறுவனங்களில் பொறுப்பு இல்லை. இந்த வாரியத்தில் உறவினர் இல்லை."

அடுத்து அந்த அரைப் பக்க அதிகாரி. அவர் அனுப்பிய தாள் இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்: "வேளாண்மையில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களையும் பல்வேறு பட்டயங்களையும் பெற்ற சிறந்த கல்வியாளரும், துறையில் எண்ணற்ற பொறுப்புகளைத் திறம்பட வகித்தவரும், பல விருதுகளுக்குச் சொந்தக்காரருமான..." இதை வெட்டி வெட்டிக் குறைக்கப் பார்த்தால் மனம் வராது, அவருக்கும் வருத்தம் வரும். வெட்டாதீர்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு அவரிடமும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வருவது இது:

"வாரியத்தால் 2023இல் நியமிக்கப்பட்ட நிபுணர் இயக்குநர். வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். வேளாண்மைத் துறையில் 1986 முதல் 2019 வரை பணியாற்றினார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி மஞ்சள் பயிரிடும் வட்டாரங்களில் இருந்தார். நிறுவனத்தின் உறுப்பினர்களுக்கு விதைக்கிழங்கு நேர்த்தி செய்யும் பயிற்சியை நடத்துகிறார். வேகவைக்கும் கூடத்துக்கான இயந்திரத் தேர்விலும் ஆலோசனை சொன்னார். ஓர் இடுபொருள் நிறுவனத்தின் ஆலோசகராகவும் இருக்கிறார். இந்த வாரியத்தில் உறவினர் இல்லை."

முதலாவதில் 44 சொல், இரண்டாவதில் 45. அதிகாரி எதை இழந்தார் என்று பாருங்கள். இளங்கலைப் பட்டம் போயிற்று. முதுகலை இருந்தால் இளங்கலை இருந்தே ஆக வேண்டும். பட்டயங்களும் விருதுகளும் போயின. மஞ்சள் வட்டாரங்களில் இருந்த ஆண்டுகள் உள்ளே வந்தன. அவருடைய நீண்ட தாளில் அது எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கும். மஞ்சள் நிறுவனத்தின் உறுப்பினருக்கு அவரைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் செய்தியே அதுதான். அந்த அம்மாவின் குறிப்பில் "ஆர்வம் கொண்டவர்" போய், எடைபோடும் நாளிலேயே ரசீது என்பது வந்தது. மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு ரசீதுக்காக நடையாய் நடந்த எந்த உறுப்பினரும் அந்த வரியைப் படித்துவிட்டு அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்.

முதல் வாக்கியங்களையும் கவனியுங்கள். ஒன்றில் "உறுப்பினர்களால்... தேர்வான", மற்றதில் "வாரியத்தால்... நியமிக்கப்பட்ட". சட்டத்தில் இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த இரண்டு தொடருக்குள் வந்துவிடுகிறது. முதன்மைச் செயல் அலுவலர் பதவி வழியாக வாரியத்தில் இருப்பவர். அவர் குறிப்பின் முதல் வாக்கியம் அதைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் மழுப்பினால், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது உறுப்பினருக்குத் தெரியாமல் போய்விடும்.

வேறு பொறுப்புகளைச் சொல்லும் வாக்கியத்தை எழுதத்தான் பலரும் தயங்குகிறார்கள். "ஆலோசகராக இருக்கிறார் என்று போட்டால் தப்பாக நினைப்பார்களே" என்பார்கள். உங்கள் நிறுவனம் அந்த இடுபொருள் நிறுவனத்திடமிருந்தே உரம் வாங்கினால் உறுப்பினர் அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் இயக்குநருக்கும் இதே விதிதான். எப்படியும், ஒவ்வொரு இயக்குநரும் நிதியாண்டின் முதல் வாரியக் கூட்டத்தில் எம்.பி.பி.-1 படிவத்தில் தன் மற்ற ஈடுபாடுகளைத் தெரிவித்தாக வேண்டும். குறிப்பிலுள்ள அந்த வாக்கியத்தைப் படிவத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. எதை என்பதை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லாதவருக்கு "இல்லை" என்று எழுதுவதும் அவசியம். சிலருக்கு மட்டும் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டால், மற்றவர்களுடையது குற்றப்பத்திரிகை மாதிரித் தெரியும்.

நடை பற்றி இரண்டு மூன்று செய்திகள். பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்று போடுவதானால் எல்லாருக்கும் போடுங்கள். முனைவர் பட்டம் பெற்றவருக்கு மட்டும் அதற்குப் பதில் முனைவர். பெயருக்குப் பின் "அவர்கள்" என்று ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போனால் ஊரில் அது பெரிய பேச்சாகும். யாருக்கும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. மரியாதையை "-ஆர்" என்று முடியும் வினையே தந்துவிடும். பெயரும் முதலெழுத்தும் இயக்குநர் அடையாள எண் பதிவில் உள்ளபடி இருக்கட்டும். அறிக்கையின் வேறு பக்கங்களில் கையெழுத்திடும் இடத்திலும் அதே பெயர் வரும். தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் குறிப்பில் வேண்டியதில்லை. தொடர்புக்கு அலுவலக எண் பின்னட்டையில் இருக்கிறது. சிறந்த, புகழ்பெற்ற, தன்னலமற்ற, அயராது உழைக்கும் என்பவை பத்துப் பேருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்கும் பொருந்துவதை ஒருவர் குறிப்பிலும் வைக்காதீர்கள்.

காலத்தைக் காட்டும்போது "கடந்த 10 ஆண்டுகளாக" என்று எழுதினால், அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அது பத்தாகவே நிற்கும். யாரும் திருத்த மாட்டார்கள். "2014 முதல்" என்று எழுதிவிட்டால் என்றைக்கும் சரி. அந்தப் பக்கத்தின் கீழே, எந்த நாள் நிலவரப்படி என்று ஒரு வரி இருக்கட்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது; பொதுக்கூட்டம் அதற்குச் சில மாதம் கழித்து வருகிறது. இடையில் ஒருவர் விலகியிருப்பார், இன்னொருவர் வந்திருப்பார். விலகியவரின் குறிப்பைப் போடாமல், விலகிய தேதியை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். புதிதாக வந்தவருக்கு நான்காவது கேள்விக்குப் பதில் இருக்காது. அந்த இடத்தை மூன்றாவது கேள்விக்கான பதிலில் இன்னொரு வாக்கியம் சேர்த்து நிரப்புங்கள். இல்லாத சாதனையை அவர் தலையில் ஏற்ற வேண்டாம்.

தலைவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர் குறிப்பு முதலில் வருகிறது, பெயருக்குக் கீழே தலைவர் என்று இருக்கிறது, அறிக்கையில் தலைவர் உரை என்று அவருக்குத் தனிப் பக்கமும் உண்டு. மற்றவர்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கும் முன்கூட்டியே ஒரு விதி வேண்டும்: முதலில் தேர்வான இயக்குநர்கள், வாரியத்துக்கு வந்த ஆண்டின் வரிசையில், ஒரே ஆண்டில் வந்தவர்கள் அகர வரிசையில், பிறகு நிபுணர்கள், கடைசியாக முதன்மைச் செயல் அலுவலர். இந்த விதியையும் ஒன்பது வரி என்பதையும் எழுதுவதற்கு முன்பே வாரியக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு வாங்கப் போனால், ஒவ்வொருவரும் தன் குறிப்பை வைத்துக்கொண்டுதான் விதியைப் பேசுவார்.

வாரியத்தில் நடந்த காரியம் என்று நான்காவது கேள்விக்கான பதிலில் எழுதுவதை மினிட்ஸ் புத்தகத்தில் சரிபார்க்க வேண்டும். ஒரே காரியத்தை மூன்று இயக்குநர்கள் தங்களுடையது என்று சொல்வார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, மூவரும் அதைப் பேசியிருப்பார்கள். மினிட்ஸில் முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று இருக்கும். முன்மொழிந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரிடமும் வேறொன்றைக் கேளுங்கள். அப்படிச் சரிபார்க்க வழியில்லாத காரியத்தை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், போடாதீர்கள்.

எழுதி முடித்ததும் பெயர்களையும் படங்களையும் மறைத்துவிட்டு, வாரியத்தை அறிந்த ஓர் உறுப்பினரிடம் பக்கத்தைக் கொடுங்கள். எந்தக் குறிப்பு யாருடையது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத குறிப்பு எதுவோ, அதில் இன்னும் "ஆர்வம் கொண்டவர்" ஒளிந்திருக்கிறது. அந்த இயக்குநரிடம் மறுபடி போய் நான்காவது கேள்வியைக் கேட்டாக வேண்டும். அவருக்கும் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், கூட்டத்தில் அவரோடு உட்காரும் இன்னொரு இயக்குநரைக் கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் அவர் குறிப்பை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கையில் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கினால், படிக்கத் தயங்குபவர் படிக்காமலே போட்டுவிடுவார். படித்துக் காட்டும்போது, "மூன்று ஏக்கர் இல்லைங்க, அதில் ஓர் ஏக்கர் குத்தகை" என்று திருத்துவார். தகவலைத் திருத்த அவருக்கு முழு உரிமை உண்டு. வரியைக் கூட்ட மட்டும் யாருக்கும் இல்லை. ஒன்றைச் சேர்க்க விரும்பினால் எதை எடுப்பது என்று அவரையே கேளுங்கள். எடுக்கச் சொன்னதும் சேர்க்கச் சொன்னது அவ்வளவு முக்கியமில்லை என்று அவரே சொல்லிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 14 நாள் முன்னதாகப் போக வேண்டும். இயக்குநர் தேர்தலில் நிற்பவர்களின் பெயரும் ஒவ்வொருவரின் தகுதி பற்றிய விவரமும் அதோடு இணைய வேண்டும் என்பது சட்டம். மறுபடியும் நிற்கும் இயக்குநரின் குறிப்பு அறிக்கையிலும் இருக்கும், இந்த விவரம் அறிவிப்பிலும் இருக்கும். இரண்டையும் இருவேறு ஆட்கள் தயாரித்தால் ஆண்டுகள் மாறுபடும். போட்டியிடும் மற்றொருவர் அதைக் கூட்டத்தில் எழுந்து கேட்பார். புதிதாக நிற்பவர்களிடமும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டு, அதே ஒன்பது வரியில் எழுதி, அறிவிப்போடு அனுப்புங்கள். வாரியத்தில் இப்போது இருப்பவருக்கு ஒன்பது வரி, புதிதாக நிற்பவருக்குப் பெயரும் ஊரும் மட்டும் என்றால், வாக்குப் போட வரும் உறுப்பினருக்கு நாம் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டியதாகிவிடும். பதில்களை எழுதிவைத்த தாள்களை, தேதியோடு, இயக்குநர் வாரியாக ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு கேட்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.